வெயில் மேல் விழுந்த பழி

வெயில் கொளுத்திய வருடம் புல் சரியாக வளரவில்லை. மறுபடியும் ஒரு வருடம் அப்படியே நடக்கிறது. நான்கைந்து வருடம் இதைப் பார்த்துவிட்ட விவசாயி ஒரு முடிவுக்கு வருகிறார்: வெயில் கூடினால் புல்லுக்கு ஆகாது. பக்கத்து வயல்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "வெயில் அடித்ததால் போகவில்லை, மழை பெய்யாததால் போனது" என்கிறார்.

இருவரும் ஒரே வருடங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த வருடங்களை வைத்துக்கொண்டு யார் சொல்வது சரி என்று தீர்ப்பது எளிதல்ல. வெயில் அடித்த வருடங்கள்தான் மழை குறைந்த வருடங்களும். இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. புல் குறைந்ததற்கு யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

மழையை ஒரே அளவில் நிறுத்திவைத்து, வெயிலை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடிந்தால் வழக்கு தீர்ந்துவிடும். வானத்தை நம்மால் அப்படி நிறுத்த முடியாது. ஆனால் கணக்கில் நிறுத்த முடியும். அந்தக் கணக்கின் பெயர்தான் பகுதி ஒட்டுறவு. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும்போது, அந்த உறவில் மூன்றாவது ஒன்றின் கை எவ்வளவு என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும் எண் அது.

## ஒரு பாடநூலில் இருந்த மூன்று எண்கள்

இந்த முறைக்கு முழு உருவம் கொடுத்தவர் ஜார்ஜ் உட்னி யூல் என்ற புள்ளியியலாளர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர். 1897 இல் இந்தச் சிந்தனையை எழுதத் தொடங்கி, 1907 இல் இப்போது நாம் பயன்படுத்தும் பெயரையும் குறியீட்டையும் தந்தார். அதே 1907 இல் ஆர். எச். ஹூக்கர் என்பவர் இந்த முறையைக் கொண்டு இங்கிலாந்தில் பருவநிலைக்கும் பயிருக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1911 இல் யூல் எழுதிய புள்ளியியல் பாடநூலில் இதே விஷயத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. நம் வழக்கை அந்தக் கணக்கைக் கொண்டே விசாரிப்போம்.

இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்தில் 20 வருடங்களுக்கு மூன்று அளவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, ஏக்கருக்குக் கிடைத்த உலர்புல். வெட்டிக் காயவைத்து, குளிர்காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் போடும் புல் இது. நம் ஊர் வைக்கோல் நெல்லடித்தபின் எஞ்சும் தாள். இதுவோ தீவனத்துக்கென்றே விதைத்து வளர்த்த புல். அதன் சராசரி, இன்றைய கணக்கில், ஏக்கருக்கு 1,423 கிலோ.

இரண்டாவது, வசந்தகால மழை. அதன் சராசரி 4.91 அங்குலம். மூன்றாவது, வசந்தகால வெப்பம். இதை அளந்த விதம் கவனிக்கத்தக்கது. 42 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 5.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே புல் வளருவது அரிது. எனவே ஒவ்வொரு நாளும் வெப்பம் அந்தக் கோட்டைத் தாண்டி எத்தனை டிகிரி ஏறியது என்று குறித்து, பருவம் முழுவதற்கும் கூட்டினார்கள். அப்படிக் கூட்டிய தொகையின் சராசரி 594.

இனி ஒட்டுறவு. இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நடக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. ஒன்று ஏறும்போது மற்றதும் பிசகாமல் ஏறினால் 1. ஒன்று ஏறும்போது மற்றது பிசகாமல் இறங்கினால் −1. சேர்ந்தும் போகவில்லை, எதிர்த்தும் போகவில்லை என்றால் 0.

அந்த 20 வருடங்களில் மழைக்கும் புல்லுக்கும் ஒட்டுறவு 0.80. மழை கூடினால் புல்லும் நன்றாகவே கூடியிருக்கிறது. வெப்பத்துக்கும் மழைக்கும் −0.56. மேகம் மூடி மழை கொட்டிய வசந்தத்தில் வெயில் குறைவு, வானம் வெளுத்த வசந்தத்தில் மழை குறைவு. வெப்பத்துக்கும் புல்லுக்கும் −0.40.

முதல் விவசாயி சுட்டிக்காட்டுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். வெப்பம் கூடினால் புல் குறைகிறது என்று 20 வருடக் கணக்கு சொல்கிறதே என்பார். கணக்கு அப்படித்தான் சொல்கிறது, அதில் பொய் இல்லை. அதற்குக் காரணம் வெப்பம்தானா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

## மழை எடுத்த நூறு கிலோ

வெப்பம் வழக்கத்தைவிட 85 அலகு கூடிய ஒரு வருடத்தை நினைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் 85 என்பது வெப்பத்தின் வழக்கமான ஏற்ற இறக்கம். ஒரு வருடத்துக்கும் மறு வருடத்துக்கும் வெப்பம் பொதுவாக எவ்வளவு ஊசலாடும் என்பதற்கான அளவு அது. புள்ளியியலில் இதைத் திட்டவிலக்கம் என்பார்கள். அந்த அளவுக்கு வெப்பம் கூடிய வருடங்களில், சராசரியாகப் பார்த்தால், புல் ஏக்கருக்கு 90 கிலோ குறைந்திருக்கும். வெயில் மேல் விழுந்த பழி இந்த 90 கிலோதான்.

அதே வருடங்களில் மழையும் குறைந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். எவ்வளவு? −0.56 என்ற ஒட்டுறவைக் கொண்டு கணக்கிட்டால் சராசரியாக 0.62 அங்குலம்.

இன்னொரு கேள்வியையும் தனியாகக் கேட்போம். வெப்பத்தைப் பற்றிப் பேசாமல் மழையை மட்டும் பார்த்தால், ஓர் அங்குலம் குறையும்போது புல் எவ்வளவு குறைகிறது? 0.80 என்ற ஒட்டுறவு தரும் விடை, ஏக்கருக்கு 163 கிலோ. அப்படியானால் 0.62 அங்குலம் குறைந்ததற்குப் புல் 100 கிலோ குறைந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மழைக் குறைவு ஒன்றே 100 கிலோவை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உண்மையில் குறைந்ததோ 90 கிலோ. வெயில் புல்லைக் கெடுத்திருந்தால் இழப்பு 100 ஐத் தாண்டி 120, 130 என்று போயிருக்கும். போகவில்லை. மழையின் கணக்கைத் தீர்த்தபின் வெயில் பக்கத்தில் நிற்பது ஏறத்தாழ 10 கிலோ வரவு. பழி முழுவதும் மழையினுடையது. அது மழை வராத நாளில் வந்து நின்ற வெயிலின் தலையில் விழுந்திருக்கிறது.

## மிச்சத்தை மட்டும் பார்ப்பது

வாதம் புரிந்துவிட்டது. இனி அதை 20 வருடங்களுக்கும் முறையாகச் செய்ய வேண்டும்.

எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரே அளவு மழை பெய்த வருடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றுக்குள் வெயில் கூடியதையும் குறைந்ததையும் ஒப்பிடுவது. வழி சரியானதுதான். ஆனால் 20 வருடங்களில் ஒரே அளவு மழை பெய்தவை இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. யூலின் முறை எல்லா வருடங்களையும் பயன்படுத்துகிறது.

ஒரு வரைதாளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் மழை, உயரவாக்கில் புல். வருடத்துக்கு ஒன்றாக 20 புள்ளிகள் வையுங்கள். அவற்றின் நடுவே, புள்ளிகளுக்கு முடிந்தவரை அருகில் செல்லுமாறு ஒரு நேர்கோடு போடுங்கள். "இவ்வளவு மழைக்கு இவ்வளவு புல் எதிர்பார்க்கலாம்" என்று சொல்லும் கோடு அது. பெரும்பாலான புள்ளிகள் சரியாகக் கோட்டில் உட்காரா. சில மேலே நிற்கும், சில கீழே நிற்கும். புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள அந்த இடைவெளியை மிச்சம் என்போம். மழையால் விளக்க முடியாமல் எஞ்சிய புல் அது.

இரண்டாவது வரைதாளில் புல்லுக்குப் பதிலாக வெப்பத்தை வைத்து அதையே செய்யுங்கள். அங்கே கிடைக்கும் மிச்சம், மழையால் விளக்க முடியாமல் எஞ்சிய வெப்பம்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்க இரண்டு வருடங்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் மழை சராசரிக்கு ஓர் அங்குலம் குறைவு, அதாவது 3.91 அங்குலம். கோடு எதிர்பார்க்கும் புல் 1,260 கிலோ. வந்தது 1,320 என்றால் மிச்சம் +60. அந்த மழைக்கு எதிர்பார்க்கும் வெப்பம் 637. இருந்தது 665 என்றால் மிச்சம் +28. மழையைப் பார்த்து எதிர்பார்த்ததைவிட இந்த வருடம் வெப்பமும் கூடுதல், புல்லும் கூடுதல்.

இரண்டாம் வருடம் மழை ஓர் அங்குலம் அதிகம். எதிர்பார்க்கும் புல் 1,586, வந்தது 1,530, மிச்சம் −56. எதிர்பார்க்கும் வெப்பம் 551, இருந்தது 580, மிச்சம் +29. இங்கே வெப்பம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், புல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

முதல் வருடம் வெயிலுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது, இரண்டாவது பாதகமாக. இப்படி 20 வருடங்களும் ஆளுக்கு ஒரு சாட்சி சொல்லும். அந்த 20 இணை மிச்சங்களுக்கு இடையிலான ஒட்டுறவுதான், மழையை நீக்கியபின் வெப்பத்துக்கும் புல்லுக்கும் உள்ள பகுதி ஒட்டுறவு.

மிச்சம் எடுப்பதால் மழை எப்படி நீங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை கோட்டிலேயே இருக்கிறது. மழை கூடிய வருடத்தில் எதிர்பார்ப்பும் மேலே நகர்ந்துவிடுகிறது, குறைந்த வருடத்தில் கீழே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்து மழைக்கு உரிய அளவோடு ஒப்பிடப்படுகிறது. அதனால் மிச்சங்களுக்கு மழையோடு எந்த ஒட்டுறவும் இருக்காது. கணக்கிட்டால் சரியாக 0 வரும்.

## தீர்ப்பு எண்

இதில் ஒரு வசதி உண்டு. 20 வருடத் தரவு கையில் இல்லாவிட்டாலும், மூன்று ஒட்டுறவுகள் தெரிந்தால் போதும், பகுதி ஒட்டுறவைக் கண்டுபிடித்துவிடலாம்.

வெப்பத்துக்கும் புல்லுக்கும் நேரில் தெரியும் உறவு −0.40. மழை வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் உறவு, வெப்பம்–மழை, மழை–புல் ஆகிய இரண்டின் பெருக்கம்: −0.56 ஐ 0.80 ஆல் பெருக்கினால் −0.448. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மீதி +0.048. மேலே பார்த்த 10 கிலோ வரவு இதுதான், வேறு உடையில்.

இந்த மீதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மழையை நீக்கியபின் புல்லின் ஏற்ற இறக்கமும் சுருங்கியிருக்கிறது, வெப்பத்தின் ஏற்ற இறக்கமும் சுருங்கியிருக்கிறது. புல்லில் முன்பிருந்ததில் 0.60 பங்குதான் மீதி, வெப்பத்தில் 0.83 பங்கு. சுருங்கிய அளவுகோலில்தான் சுருங்கிய உறவை அளக்க வேண்டும். 0.048 ஐ இந்த இரண்டின் பெருக்கத்தால், அதாவது ஏறத்தாழ 0.50 ஆல் வகுத்தால் கிடைப்பது 0.10.

−0.40 என்று இருந்தது +0.10 ஆகிவிட்டது. குறி மாறியதோடு அளவும் கரைந்துவிட்டது.

மழைக்கும் இதே சோதனையை வைப்பதுதான் நியாயம். வெப்பத்தை நீக்கிவிட்டு மழைக்கும் புல்லுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டால், 0.80 ஆக இருந்தது 0.76 ஆகிறது. அசையவே இல்லை என்று சொல்லலாம். மேலோட்டமாகப் பார்க்கும்போது இரண்டுமே உண்மையான உறவுகளாகத்தான் தெரிந்தன. சோதித்தபின் ஒன்று நிற்கிறது, ஒன்று விழுகிறது.

## 0.10 ஐ எவ்வளவு நம்பலாம்

இங்கே ஓர் ஆசை எழும். குறி மாறிவிட்டது, எனவே வெயில் புல்லுக்கு நல்லது என்று சொல்லிவிடலாமா? கூடாது.

20 வருடம் என்பது மிகச் சிறிய தொகுப்பு. வெப்பத்துக்கும் புல்லுக்கும் உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும், 20 வருடங்களை எடுத்துக் கணக்குப் போட்டால் விடை சரியாக 0 வராது. தற்செயலாகவே 0.2 அல்லது −0.2 என்று விலகி நிற்பது சாதாரணம். இவ்வளவு சிறிய தொகுப்பில் பகுதி ஒட்டுறவு 0.46 ஐத் தாண்டினால்தான், இது வெறும் தற்செயல் அல்ல என்று புள்ளியியலாளர்கள் வழக்கமாக ஏற்பார்கள். மழையின் 0.76 அந்த வாசலைத் தாண்டுகிறது. வெப்பத்தின் 0.10 அதன் அருகில்கூட வரவில்லை.

எனவே நேர்மையான தீர்ப்பு இதுதான்: வெயில் புல்லைக் கெடுத்தது என்பதற்கு இந்தத் தரவில் ஆதாரம் இல்லை. வெயில் உதவியது என்பதற்கும் இல்லை.

நேர்கோடு போட்டோம் என்பதையும் மறக்கக்கூடாது. ஓர் அங்குலம் கூடினால் 163 கிலோ என்ற கணக்கு, அந்த 20 வருடங்களில் பெய்த அளவு மழைக்குத்தான் பொருந்தும். வயலில் தண்ணீர் தேங்கும் அளவுக்கு மழை பெய்தால் கோடு வளைந்து இறங்கும். வளைய வேண்டிய இடத்தில் நேர்கோடு போட்டால், மழையின் ஒரு பகுதி மிச்சத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மிச்சங்களை மழைக்கு எதிராக மறுபடி ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்ப்பது. புள்ளிகள் வில் போல வளைந்து நின்றால் கோடு தவறு என்று பொருள்.

## மழைமானி பிசகினால்

இந்த முறையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீக்க வேண்டிய மூன்றாவது அளவைச் சரியாக அளக்காமல், அதை நீக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது.

ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஓரிரு மழைமானிகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மானி இருக்கும் ஊரில் பெய்த மழை எல்லா வயலிலும் பெய்திருக்காது. மானி காட்டும் அளவுக்கும் வயலில் உண்மையாக விழுந்த மழைக்கும் ஒட்டுறவு 0.8 மட்டுமே என்று கொள்வோம். அப்போது மழை சம்பந்தப்பட்ட இரண்டு ஒட்டுறவுகளும் மங்கிவிடும். மழை–புல் 0.80 இலிருந்து 0.64 ஆகும். வெப்பம்–மழை −0.56 இலிருந்து −0.45 ஆகும். வெப்பம்–புல் மட்டும் மாறாமல் −0.40 ஆகவே இருக்கும்.

மறுபடி கணக்கைப் போட்டால் விடை +0.10 அல்ல, −0.16. வெயில் மேல் பழி திரும்பி வந்துவிட்டது. வயலில் எதுவும் மாறவில்லை, மானி மட்டும்தான் மாறியது. மழையின் ஒரு பகுதியைத்தான் நம்மால் கழிக்க முடிந்தது. கழிக்காமல் விட்ட மழை, வெயிலின் வேடத்தில் வந்து நிற்கிறது.

"வருமானத்தின் தாக்கத்தை நீக்கிப் பார்த்தோம், அப்போதும் உறவு இருக்கிறது" என்று ஓர் ஆய்வு சொன்னால், வருமானத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டியது இதனால்தான். ஒருவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டு எழுதிய மாத வருமானம், அந்தக் குடும்பத்தின் உண்மையான வசதிக்கு மங்கலான மானிதான்.

## எதை நீக்குவது என்பதைக் கணக்கு சொல்லாது

மூன்று அளவுகள் இருந்தால் மூன்றில் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். கணக்கு தடுக்காது. புல்லை நீக்கிவிட்டு வெப்பத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கேட்டால், −0.56 என்பது −0.44 ஆகிறது என்று அது பணிவாக விடை தரும். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயலில் விளைந்த புல் வானத்து மழையையும் வெயிலையும் தீர்மானிப்பதில்லை. விளைவை நீக்கிவிட்டுக் காரணங்களுக்கு இடையிலான உறவைத் தேடினால், இருக்கும் உறவு சிதையும், இல்லாத உறவும் தோன்றும்.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. மழைக்குப் பதிலாக மண்ணின் ஈரத்தை அளந்து அதை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மண் ஈரம் மழையால் மட்டும் தீர்மானமாவதில்லை. வெயில் அடித்தால் மண் காயும். வெயில் புல்லைக் கெடுப்பதாக இருந்தால், அது நடக்கும் முக்கியமான வழிகளில் ஒன்றே மண்ணைக் காயவைப்பதுதான். அந்த ஈரத்தை நீக்கிவிட்டு "வெயிலுக்குப் பங்கு இல்லை" என்றால், குற்றம் நடந்த பாதையை அழித்துவிட்டுக் குற்றவாளியை விடுதலை செய்வதாக ஆகும்.

எனவே மூன்றாவது அளவை நீக்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அது மற்ற இரண்டுக்கும் எங்கே நிற்கிறது? வெப்பத்தோடு சேர்ந்து வந்து, தானே புல்லைப் பாதிப்பது மழை, அதை நீக்கலாம். வெப்பத்துக்கும் புல்லுக்கும் நடுவில் பாலமாக நிற்பது மண் ஈரம். அதை நீக்கினால் பாலமும் போகும். இரண்டுக்கும் பின்னால் விளைவாக வருவதைத் தொடவே கூடாது. இந்த மூன்றில் எது எது என்று சொல்லக்கூடியவர் வயலை அறிந்தவர்தான். 0.80, −0.56, −0.40 என்ற எண்களுக்குள் அந்த அறிவு இல்லை.

நாம் நீக்கியது மழையை மட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்த 20 வருடங்களில் உரம் மாறியிருக்கலாம், விதை மாறியிருக்கலாம். அளக்காத நான்காவது ஒன்று பின்னால் நின்றிருந்தால், மழையை நீக்கிய கணக்கு அதைத் தொட்டிருக்காது. நான்காவதையும் அளந்திருந்தால் அதையும் இதே முறையில் நீக்கலாம். அளக்காததை எந்தக் கணக்காலும் நீக்க முடியாது.

இனி ஒரு செய்தியில் "இது கூடினால் அது குறைகிறது" என்று படிக்கும்போது, இரண்டோடும் சேர்ந்து வரும் மூன்றாவது எது என்று முதலில் கேளுங்கள். "அதையும் நீக்கிவிட்டோம்" என்று பதில் வந்தால் கேள்வியை அங்கே விட்டுவிடாதீர்கள். அதை எதைக் கொண்டு அளந்தீர்கள், அது காரணத்தின் பக்கத்தில் நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்றும் கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் விடை கிடைக்கும்வரை வெயிலைத் தண்டிக்க வேண்டாம்.